கத்தரியக்கா எழுதிய இரண்டு மின்னஞ்சல்கள்

பேருந்துக் கழகத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்குக் கத்தரியக்கா என்று பெயர். பயணிகள் நாலு பக்கத்துக்கு எழுதி அனுப்பும் கடிதங்களை ஐந்தே வரியாகக் கத்தரித்து, எந்தத் துறைக்குப் போக வேண்டுமோ அந்தத் துறைக்குத் தள்ளிவிடுவதுதான் பதினான்கு வருடங்களாக அவள் வேலை. "ஈவிரக்கமில்லாத ஓட்டுநர்" என்று ஒருவர் எழுதியிருப்பார். அதில் ஈவையும் இரக்கத்தையும் எடுத்துவிட்டு, தடம் எண், தேதி, நேரம், நிறுத்தத்தில் வண்டி நிற்கவில்லை என்பதை மட்டும் வைப்பாள். பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கோபமாக எழுதப்பட்ட கடிதம் எப்படிப் போய்ச் சேரும் என்பதை அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் தெரியும். "வருந்துகிறோம்" என்று ஒரு அச்சடித்த பதில் போகும், அத்தோடு சரி. தேதியும் இடமும் இருந்தால் மேலதிகாரிக்கே வயிற்றைக் கலக்கும், யாரையாவது கூப்பிட்டு விசாரித்தே ஆகவேண்டும். இதில் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

அவளுக்கு ஒரே மகள், ஏழாம் வகுப்பு. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அப்படிச் சொல்வதைப் பாராட்டு என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், அது எனக்கு விளங்கியதே இல்லை. கடிக்கத் தெரியாத பிள்ளையின் வாயில் நாலு பேர் விரலை வைத்துப் பார்க்கத்தானே செய்வார்கள்?

அப்படித்தான் ஆயிற்று. அந்த மாதம் இரண்டாம் தேதி அறிவியல் நோட்டின் நடுப்பக்கங்கள் கிழிந்து வந்தன. நாலாம் தேதி ஜியாமெட்ரி பெட்டி காணாமல் போய்க் குப்பைக்கூடையில் கிடைத்தது. ஆறாம் தேதி புத்தகப்பை முழுக்க நீலப் பெயிண்ட். பையைத் துவைக்க எடுத்தபோதுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. மகளை உட்காரவைத்து, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டாள்.

"என்னைக்கு நடந்துச்சு? எத்தனை மணிக்கு? யாரு செஞ்சா? நீ பார்த்தியா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா?"

மகள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். குதிரைவால் போட்டுக்கொண்டு வருகிற ஒருத்தியும் அவளோடு திரிகிற இரண்டு பேரும். பையில் பெயிண்ட் ஊற்றியதைத் தன் கண்ணால் பார்த்தாள், மற்றதைப் பார்க்கவில்லை. அம்மா குறித்துக்கொண்டாள். குழந்தை இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தது. "இரு, முதல்ல இதை முடிச்சிக்கிறேன்" என்றாள். அதை முடித்தாள். குழந்தை சொல்ல வந்ததைக் கேட்க மறந்துபோனாள்.

அப்பா டைல்ஸ் பதிப்பவர், கோபம் மூக்குக்கு மேல் வரும். விஷயத்தைக் கேட்டதும் முழங்காலில் ஒட்டிய சிமென்டைக்கூடத் தட்டாமல் எழுந்தார். "நாளைக்கே பள்ளிக்கூட வாசல்ல போய் நின்னு அந்தப் பொண்ணோட அப்பன் யாருன்னு கேக்குறேன்."

"நீங்க போய் நின்னா அப்புறம் நீங்கதான் விஷயமாயிடுவீங்க. பேசாம இருங்க, நான் எழுதுறேன்" என்று ஒரே போடாகப் போட்டாள். அதில் அவள் சொன்னது சரி. வாசலில் சண்டை போட்ட அப்பாவைப் பற்றித்தான் பள்ளிக்கூடம் ஒரு மாதம் பேசியிருக்கும், பிள்ளையைப் பற்றி அல்ல.

ஒன்பதாம் தேதி எழுதினாள். முதலில் அவளுக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டுதான் வந்தது. ஒரு பக்கம் எழுதிவிட்டு, பிறகு பயணியின் கடிதத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துத் தன் வேலையைக் காட்டினாள். வெட்ட வெட்ட ஐந்து வரி நின்றது. அவள் அலுவலகத்துப் புகார்ப் பதிவேட்டில் நாலு தலைப்புகள்தான் உண்டு: தாமதம், பழுது, நடத்தை, பொருள். நடத்தை என்று போட்டால் நிரூபிக்கச் சொல்வார்கள், இழுத்தடிப்பார்கள். பொருள் என்றால் கையில் சாட்சி இருக்கிறது. கை தானாக அந்தத் தலைப்புக்குப் போனது. "ஏழாம் வகுப்பு மாணவியின் பொருள்கள் சேதப்படுத்தப்படுவது குறித்து" என்று மேலே போட்டு, மூன்று தேதிகளையும் எழுதி, கிழிந்த நோட்டு, பெயிண்ட் பட்ட பை என்று இரண்டு படங்களை இணைத்து, வகுப்பாசிரியைக்கு அனுப்பினாள்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. நடந்ததற்கு வருந்துவதாகவும், அடுத்தவர் பொருளைத் தொடுவது தவறு என்று வகுப்பில் பொதுவாக எடுத்துச் சொன்னதாகவும், மகளுக்குப் பூட்டு வைத்த ஒரு சின்ன அலமாரி ஒதுக்கியிருப்பதாகவும், எல்லாப் பொருளிலும் பெயர் ஒட்டி அனுப்பும்படியும் ஆசிரியை எழுதியிருந்தார். மரியாதையான பதில், ஒரே நாளில் நடவடிக்கை. தன் துறையில் இப்படி ஒரு பதிலை அவள் கண்டதே இல்லை. கணவனிடம் போனை நீட்டி, "பார்த்தீங்களா?" என்றாள். அவர் படித்துவிட்டு, பூட்டு நல்ல பூட்டா என்று மட்டும் கேட்டார்.

மகள் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள், ஒருத்தியைத் தவிர.

இரண்டு நாள் கழித்துப் பள்ளி நாட்குறிப்பில் ஆசிரியையின் சிவப்பு மை வர ஆரம்பித்தது. பன்னிரண்டாம் தேதி, இடைவேளைக்குப் பின் வகுப்புக்குத் தாமதம். பதினாறாம் தேதி, மறுபடியும் தாமதம். பதினெட்டாம் தேதி, மூன்றாவது முறை, பெற்றோர் கவனிக்கவும். பேருந்துக் கழகத்தில் வேலை பார்க்கிறவளுக்குத் தாமதம் என்ற சொல்லைக் கேட்டாலே ஆகாது. "மணி அடிச்சா வகுப்புக்குப் போகணும்னு தெரியாதா? விளையாட்டு முடியலியோ மகாராணிக்கு?" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். மகள் நாட்குறிப்பை மூடி, பையில் வைத்துக்கொண்டாள்.

பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை காலையில் பெண்ணுக்குக் காய்ச்சல். அடிவயிறு வலிக்கிறது, சிறுநீர் போனால் எரிகிறது என்றாள். அம்மா ஒருநாள் விடுப்பு சொல்லிவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மருத்துவர் நடுவயதுப் பெண், அலட்டிக்கொள்ளாதவர். சிறுநீரைப் பரிசோதித்துவிட்டுத் தொற்று என்றார். பிறகு அம்மாவைப் பார்க்காமல் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"ஸ்கூல்ல ஒரு நாள் எப்படிப் போகும் உனக்கு? காலையிலேருந்து சொல்லு பார்ப்போம்."

தேதியில்லாத கேள்வி. பெண் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள், சொல்லிக்கொண்டே போனாள். அவள் தண்ணீர் குடிப்பதில்லை. காலை ஏழரைக்கு வீட்டில் ஒரு மடக்கு, அதற்குப் பிறகு மாலை நாலரைக்குத்தான். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். இரண்டாம் மாடிக் கழிப்பறைக்குள் போனால் அந்தக் குதிரைவால்காரியும் மற்ற இரண்டு பேரும் வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொள்வார்கள். நூறு எண்ணி முடிக்கிறவரை விடமாட்டார்கள். தப்பாக எண்ணிவிட்டோம் என்று திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். மணி அடித்துவிடும். அவர்கள் ஓடிப்போய் உட்கார்ந்துவிடுவார்கள், இவள் தாமதமாகப் போய் நிற்பாள்.

"எப்போலேருந்து?" என்றார் மருத்துவர்.

"மூணாந்தேதியிலேருந்து. தினமும் இல்ல. நான் போறப்பல்லாம். அதான் போறதில்ல. அடக்கவே முடியலன்னாதான் போவேன்."

கத்தரியக்காவுக்குத் தலையில் இடி விழுந்தது. மூன்றாம் தேதி என்றால், ஒன்பதாம் தேதி அவள் அந்த அழகான ஐந்து வரியை எழுதுவதற்கு ஆறு நாள் முன்னால். வெளியே வந்து மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே. என்னென்ன உடைஞ்சுதுன்னுதான் கேட்ட."

வரிசை நகர்ந்தது. அம்மா நகரவில்லை. பின்னால் நின்றவர் தோளைத் தட்ட வேண்டியிருந்தது. தானே பெற்ற பிள்ளையை ஒரு புகார்தாரரைப் போல உட்காரவைத்துக் கேட்டோமே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, நாட்குறிப்பில் போட்ட மூன்று கையெழுத்துகள் அவளைச் சுட்டன.

மருத்துவர் வெள்ளிக்கிழமைவரை ஓய்வு எழுதியிருந்தார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போக வேண்டும். "நான் இனி அங்க போகமாட்டேம்மா" என்று பெண் சொல்லிவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை, சோறு போதும் என்பதைப் போலச் சொன்னாள். ஆக, கையில் இருப்பது நாலு நாள். அதற்குள் அந்தப் பள்ளியில் ஏதாவது மாற வேண்டும், இல்லையென்றால் இந்தப் பெண் படிப்பதற்கே இடமில்லை.

அன்று மதியம், மருந்து கொடுத்துப் பெண் கொஞ்சம் தெளிந்த பிறகு, அம்மா மறுபடி எழுத உட்கார்ந்தாள். இந்த முறை மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பெண்ணுக்குப் பயம்.

"மெயில் போட்டா இன்னும் மோசமாயிடும்மா. காட்டிக் கொடுத்தவன்னு சொல்வாங்க."

"நான் என்ன எழுதுறேன்னு உனக்குப் படிச்சுக் காட்டுறேன். உனக்குச் சரின்னு பட்டாத்தான் அனுப்புவேன். வேணாம்னு சொன்னா நானே நேர்ல போய்ப் பேசுறேன். ஆனா எதுவும் செய்யாம மட்டும் இருக்க மாட்டேன்."

பெண் யோசித்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். இருவருமாக எழுதியது இது.

"பொருள்: என் மகள் பள்ளியில் கொடுமைப்படுத்தப்படுகிறாள், திங்கட்கிழமைக்குள் நடவடிக்கை கோரி.

மதிப்பிற்குரிய வகுப்பாசிரியைக்கு, வணக்கம். இதன் நகலைத் தலைமை ஆசிரியருக்கும் மாணவர் நலப் பொறுப்பாளருக்கும் அனுப்புகிறேன்.

ஒன்பதாம் தேதி நான் எழுதிய மின்னஞ்சலுக்கு உடனே பதில் தந்தீர்கள், நன்றி. அதில் பொருள்கள் சேதமானதை மட்டும் எழுதினேன். அது முழு விஷயம் அல்ல, அப்போது எனக்கும் தெரியாது. இன்று மருத்துவர் முன்னிலையில் என் மகள் சொன்னதைக் கீழே எழுதுகிறேன். நான் நேரில் பார்க்கவில்லை.

மூன்றாம் தேதியிலிருந்து, இரண்டாம் மாடிக் கழிப்பறைக்கு அவள் போகும்போதெல்லாம் அதே வகுப்பு மாணவிகள் மூவர் அங்கே வருகிறார்கள். ஒருத்தி வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொள்கிறாள், ஒருத்தி நூறுவரை எண்ணுகிறாள், மூன்றாமவள் உடன் நிற்கிறாள். அவர்கள் பெயர்களை நேரில் சொல்கிறேன். பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு ஆகிய தேதிகளில் அவள் தாமதமாக வந்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று நாளும் அவள் உள்ளே அடைபட்டிருந்ததாகச் சொல்கிறாள். தாமதப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதைப் பார்த்த இன்னொரு மாணவி இருப்பதாகவும் சொல்கிறாள். அவள் பெற்றோரிடம் கேட்காமல் அவள் பெயரை எழுத எனக்கு உரிமையில்லை.

இதனால் என் மகள் காலை ஏழரை முதல் மாலை நாலரை வரை தண்ணீர் குடிப்பதில்லை. அவளுக்குச் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டிருக்கிறது. மருத்துவரின் சான்று இணைத்துள்ளேன். பள்ளிக்கு வர மறுக்கிறாள்.

நான் கேட்பது: இதை விசாரிக்க வேண்டும். விசாரிக்கும்போது அவளை அந்த மாணவிகளின் முன்னால் நிறுத்த வேண்டாம். திங்கட்கிழமை காலை முதல் அவள் பயமில்லாமல் கழிப்பறைக்குப் போய்வர வழி செய்ய வேண்டும். அவள் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பேசக்கூடிய ஒருவர் யார் என்று சொல்ல வேண்டும். யாருக்கு என்ன தண்டனை என்பது பள்ளியின் முடிவு, அதை நான் கேட்கவில்லை. நாளை வெள்ளிக்கிழமை எந்த நேரமானாலும் வந்து பார்க்கத் தயார். எழுத்தில் பதில் வேண்டும்."

இந்த வடிவத்துக்கு வர மூன்று தடவை திருத்தினார்கள். முதலில் அம்மா "மூவரும் கதவைப் பிடிக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள். "இல்லம்மா, பிடிக்கிறது ஒருத்திதான். மூணாவது பொண்ணு சும்மா நிப்பா, சில நாள் கீழ பார்த்துட்டு நிப்பா" என்று பெண் திருத்தினாள். "தினமும் அழுகிறாள்" என்ற வரியைப் படித்தபோது, "நான் எங்க அழுதேன்?" என்று கேட்டாள். அம்மா அதை எடுத்துவிட்டாள். தண்ணீர் பற்றிய வரி வந்ததும் பெண் கொஞ்சம் கூச்சப்பட்டாள்.

"இதை எழுதணுமா?"

"இதுதான்டி விஷயமே. ஆனா உனக்குப் பிடிக்கலன்னா எடுத்துடறேன்."

"இருக்கட்டும்" என்றாள்.

அப்பா வேலையிலிருந்து திரும்பியபோது மின்னஞ்சல் போய்விட்டிருந்தது. போனில் படித்தார். தண்ணீர் குடிப்பதில்லை என்ற இடத்தில் நின்றார். வழக்கம்போலக் குதிக்கப்போகிறார் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரத்தில் நலப் பொறுப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது, மறுநாள் பதினொரு மணிக்கு வரச் சொன்னார். அப்பா தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வாயைத் திறப்பதில்லை என்ற நிபந்தனையோடு கூட்டிப்போனாள்.

அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்ன அறை, நாலு நாற்காலி, ஒரு மேசை. நலப் பொறுப்பாளர் கண்ணாடி போட்ட பெண்மணி. பேசுவதைவிட எழுதுவது அதிகம். வகுப்பாசிரியை தாமதப் பதிவேட்டோடு வந்திருந்தார். முகம் செத்திருந்தது.

"பொருள் விஷயம்னுதான் நினைச்சேன். அந்தத் தலைப்பைப் பார்த்துட்டு மேல யோசிக்கல. லேட்டா வந்தப்போ ஏன்னு நானாவது கேட்டிருக்கணும்" என்றார்.

"தலைப்புப் போட்டது நான்தாங்க. ஏன்னு நானும் கேக்கல" என்றாள் கத்தரியக்கா. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பெயர்களை வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாணவிகளையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவோம், அவர்கள் பெற்றோருக்கும் சொல்வோம் என்றார் நலப் பொறுப்பாளர். திங்கட்கிழமை முதல் இடைவேளையில் இரண்டாம் மாடி நடையில் ஓர் ஆசிரியை நிற்பார். மகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் தரைத்தளத்துக் கழிப்பறைக்குப் போகலாம். மூன்று தாமதப் பதிவுகளும் நீக்கப்படும். வெள்ளிதோறும் அவள் தன்னை வந்து பார்க்க வேண்டும் என்றார்.

அப்பாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அந்தப் பொண்ணுங்களுக்கு என்ன செய்வீங்க?"

"அதை உங்ககிட்ட சொல்ல முடியாதுங்க. நாளைக்கு உங்க பொண்ணைப் பத்தி இன்னொருத்தர் வந்து கேட்டாலும் சொல்லமாட்டோம். ஒண்ணு கேட்டுக்கறேன், அவங்க அப்பா அம்மாகிட்ட நீங்க நேரா பேசாதீங்க."

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு, "சரி" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் என்ன பாடுபட்டார் என்பது மனைவிக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அவள் பேசியதையெல்லாம் ஒரு மின்னஞ்சலாக எழுதி, "இப்படித்தான் முடிவு செய்தோம், ஏதாவது விடுபட்டிருந்தால் சொல்லவும்" என்று அனுப்பினாள். சரி என்று பதில் வந்தது. மகளிடமும் படித்துக் காட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் பெண் சீருடை போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவளே எழுந்து செருப்பைத் தேடினாள். பள்ளி வாசலில் நலப் பொறுப்பாளர் நின்றிருந்தார், தற்செயலாக நிற்கிற மாதிரி. அன்று அம்மா அலுவலகத்தில் ஏழு கடிதங்களைத் தப்பான துறைக்கு அனுப்பினாள்.

மூன்று வாரம் போனது. ஒருநாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விசாரணை முடிந்து உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது, அதன்பின் புதிதாக எந்தச் சம்பவமும் பதிவாகவில்லை, தங்களுக்கு மறுப்பு இல்லையென்றால் இந்த விஷயத்தை முடிந்ததாகக் கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள்.

கத்தரியக்கா இந்த வாசகத்தைத் தன் கையால் ஆயிரம் பேருக்காவது அனுப்பியிருப்பாள். பெரும்பாலும் யாரும் பதில் போடமாட்டார்கள், கோப்பு மூடப்படும். அபூர்வமாக யாராவது "முடியவில்லை" என்று எழுதினால் அவளுக்கு எரிச்சலாக வரும், நிறுத்தத்தில் வண்டிதான் இப்போது நிற்கிறதே, இன்னும் என்ன வேண்டுமாம் என்று. இப்போது போனை எடுத்துக்கொண்டு மகளிடம் போனாள். பெண் தரையில் கால் நீட்டி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூல்ல கேக்குறாங்க. முடிஞ்சுதுன்னு எழுதட்டுமா?"

பெண் பேனாவை வைத்தாள். "யாரும் கதவைப் பிடிக்கிறதில்ல."

"அப்போ முடிஞ்சுதா?"

"உள்ள போனதும் நானே எண்ணுறேம்மா. வாய்க்குள்ள. நிறுத்த முடியல. முன்னாடி நூறு வரைக்கும். இப்போ முப்பது வந்ததும் வெளிய வந்துடறேன்."

"சரி, முடியலன்னு எழுதுறேன். எப்போ திரும்பக் கேக்கச் சொல்லட்டும்? ஒரு மாசம்?"

"கேக்க வேண்டாம். முடிஞ்சா நானே சொல்றேன்."

மகள் பேனாவை எடுத்துக்கொண்டு கணக்குக்குத் திரும்பினாள். கத்தரியக்கா அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து பதிலை எழுதினாள். நீங்கள் செய்ததெல்லாம் உதவியது, நன்றி. வெள்ளிக்கிழமைச் சந்திப்பை நிறுத்த வேண்டாம். இது இன்னும் முடியவில்லை. முடிந்ததும் என் மகள் சொல்வாள்.